துண்டை வலது ஓரத்திலிருந்து வாசிப்பது

டொக்டர் எழுதித் தரும் மருந்துத் துண்டை நான் எப்போதும் வலது ஓரத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன். வெள்ளவத்தையில் ஒரு பாமசியின் கவுன்டருக்குப் பின்னால் நின்ற காலத்தில் படிந்த பழக்கம் இது. துண்டைக் கையில் எடுக்கும் பெரும்பாலானவர்கள் நேரே முதல் சொல்லுக்குப் போய் மருந்தின் பெயரோடு மல்லுக்கட்டுவார்கள். தூரப் பிடித்துப் பார்ப்பார்கள், கிட்டப் பிடித்துப் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவரிடமும் காட்டுவார்கள். கடைசியில் "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று கையை விரிப்பார்கள். அந்த வரியிலேயே மோசமாக எழுதப்படும் இடம் பெயர்தான். முதல் இரண்டு மூன்று எழுத்துத் தெரியும். அதற்குப் பிறகு பேனா ஒரு நெளிந்த கோடாக ஓடி முடிந்துவிடும்.

வலது பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் எண்கள். எண்களுக்கு மொத்தமே பத்து உருவம்தான். எவ்வளவு அவசரத்தில் எழுதினாலும் 5 ஏறக்குறைய 5 போலத்தான் இருக்கும். நாட்கள், நேரங்கள், அளவு என்று வலமிருந்து இடமாக வந்துகொண்டிருந்தால், பெயரை எட்டும்போது அது எதுவாக இருக்க முடியாது என்று நமக்குப் பாதி தெரிந்திருக்கும்.

ஒரு வரி எப்படி அமையும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடது ஓரத்தில் குளிசையா, கப்சியூலா, பாணியா என்று காட்டும் ஓர் ஆங்கில எழுத்து அல்லது சுருக்கம் இருக்கும். அடுத்து மருந்தின் பெயர், அதன் அளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நாள். இங்கே டொக்டர்மார் பிரித்தானிய முறையில் பழகியவர்கள். அதனால் நேரங்களை லத்தீன் சுருக்கங்களிலும் நாட்களைப் பின்னத்திலும் எழுதுவார்கள். சென்னைக்குப் போய் வைத்தியம் பார்த்து வருபவர்கள் கொண்டுவரும் துண்டுகளில் 1-0-1 என்று இருக்கும்: காலை ஒன்று, பகல் இல்லை, இரவு ஒன்று. அது பார்த்தவுடனேயே விளங்கும். ஆனால் அந்தத் துண்டுகளில் கம்பனிப் பெயர்கள்தான் நிறைய இருக்கும். இங்கே அந்தப் பெயரில் மருந்தே இல்லாமல் இருக்கலாம், அதைவிட மோசமாக அதே பெயரில் வேறு மருந்தும் இருக்கலாம். அது தனிக் கதை.

நாட்களின் பின்னம்தான் ஆட்களை அதிகம் குழப்புவது. 5/7 என்றால் ஐந்து நாள். 2/52 என்றால் இரண்டு கிழமை. 1/12 என்றால் ஒரு மாதம். கீழே இருக்கும் எண்தான் அலகைச் சொல்கிறது: கிழமைக்கு 7 நாள், வருடத்துக்கு 52 கிழமை, வருடத்துக்கு 12 மாதம். இதைத் தெரியாத ஒருவர் 1/12ஐ டிசம்பர் முதலாம் திகதி என்று எடுத்து, அன்றைக்குத்தான் மருந்து வாங்க வேண்டும் என்று துண்டை மடித்து வைத்திருந்தார். 3/7ஐ "மூன்று குளிசை, ஏழு நாள்" என்று வாசித்தவர்களும் உண்டு. இது அதைவிட ஆபத்து, ஏனென்றால் கேட்பவருக்கு அது சரி போலவே படும்.

அந்தப் பின்னம் நாட்களை மட்டும் சொல்வதில்லை, வருத்தத்தின் வகையையும் காட்டிக் கொடுக்கும். ஐந்து நாள், ஏழு நாள் என்றால் பெரும்பாலும் கிருமிக்கான மருந்து அல்லது திடீரென்று வந்த நோவுக்கான மருந்து. ஒரு மாதம் என்றால் சுகர், பிரஷர், கொலஸ்ட்ரோல், தைரொயிட் மாதிரி நெடுக எடுக்கும் மருந்து. பெயரைப் பார்க்கும் முன்பே இவ்வளவும் கிடைத்துவிடுகிறது.

நேரச் சுருக்கங்கள் அவ்வளவு கடினமில்லை. ஓ.டி. ஒரு நாளைக்கு ஒரு தடவை, பி.டி. இரண்டு, டி.டி.எஸ். மூன்று. மானே என்றால் காலையில், நொக்டே என்றால் இரவில். எஸ்.ஓ.எஸ். என்று பார்த்ததும் ஏதோ அவசரம் என்று பதறுவார்கள். தேவைப்பட்டால் மட்டும் எடு என்பதுதான் அதன் பொருள். பரசிற்றமோல் வரியில் அது விடுபட்டுப்போனால், வலியோ காய்ச்சலோ இல்லாதபோதும் மனுசர் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரண்டு இரண்டாக விழுங்கிக்கொண்டிருப்பார். கண் டொக்டரின் துண்டில் மட்டும் ஓ.டி. என்பது வலது கண்ணைக் குறிக்கலாம் என்பதையும் ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது.

இனி ஒரு துண்டை முழுதாக வாசிப்போம்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அன்ரி. அறுபத்தைந்து கடந்தவர். சுகரும் பிரஷரும் பல வருடமாக இருக்கிறது. மகன் டொரன்டோவில். அன்ரி முரசு வீங்கி, பல்லு நோவென்று காலையில் டொக்டரிடம் போயிருக்கிறார். போன இடத்தில் காலில் எரிவு இருப்பதையும் சொல்லியிருக்கிறார். டொக்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே துண்டில் ஐந்து வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். பாமசியில் நின்ற பிள்ளை ஒரு வரி விளங்கவில்லை என்று சொன்னதும், அன்ரி துண்டைப் படமெடுத்து மகனுக்கு அனுப்ப, மகன் எனக்கு அனுப்பினார். "அக்கா, அம்மா பாமசிக்கு முன்னால நிக்கிறா. இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கால் பாருங்கோ."

வலது ஓரத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். 1/12, 1/12, 2/52, 5/7, 5/7. அப்போதே துண்டு மூன்றாகப் பிரிந்துவிட்டது. முதல் இரண்டும் பழைய மருந்துகள். கடைசி இரண்டும் பல்லுக்கானவை. நடுவில் இரண்டு கிழமைக்கு எழுதிய ஒன்று தனியாக நிற்கிறது.

முதல் வரியின் பெயர் "மெட்" என்று தொடங்கிக் கோடாகிப் போயிருந்தது. ஐந்தாவது வரியும் அதே "மெட்", அதே கோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதியது போலத்தான் இருந்தது. பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தால் இங்கேயே சிக்கியிருப்போம். வலமிருந்து வந்தால் சிக்கல் இல்லை. முதல் வரியில் 500 மி.கி., பி.டி., சாப்பிட்ட பிறகு, ஒரு மாதம். சுகர் இருக்கும் ஒருவருக்கு இப்படி எழுதும் "மெட்" மெற்போமின். ஐந்தாவதில் 400 மி.கி., டி.டி.எஸ்., ஐந்து நாள். மெற்போமின் 500, 850, 1000 என்று வரும், 400இல் வருவதில்லை. சுகர் மருந்தை ஐந்து நாளைக்கு என்று யாரும் எழுதுவதுமில்லை. மெற்றோனிடசோல் 200இலும் 400இலும் வரும். நாளைக்கு மூன்று தடவை, ஐந்து நாள் என்பது அதற்கு வழக்கமான கணக்கு. அதோடு நான்காவது வரியில் அமொக்சிசிலின் 500, டி.டி.எஸ்., 5/7 என்று ஓரளவு தெளிவாகவே இருந்தது. பல்லில் கிருமி என்றால் இந்த இரண்டையும் சோடியாக எழுதுவது இங்கே பல டொக்டர்மாருக்குப் பழக்கம். ஒரு வரி அடுத்த வரிக்குச் சாட்சி சொன்னது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஆளா என்று மட்டும் மகனிடம் கேட்டு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இரண்டாவது வரி லோசாட்டன் 50, மானே. அதில் கேள்வியே இல்லை. அன்ரியின் கைப்பையில் பழைய மருந்துக் காட் இருந்தது, அதையும் படமெடுத்து அனுப்பினார்கள். பெயரும் அளவும் அப்படியே பொருந்தின.

மிஞ்சியது மூன்றாவது வரி. "அம்" என்று தொடக்கம், "இன்" என்று முடிவு, நடுவில் நெளிவு. 10 மி.கி., நொக்டே, 2/52.

இந்தத் தொடக்கமும் முடிவும் உள்ள இரண்டு மருந்து எந்தப் பாமசியிலும் தினமும் கைமாறும். ஒன்று அம்லோடிபின், பிரஷருக்கு. மற்றது அமிற்ரிப்டிலின். அது மனச்சோர்வுக்கென்று வந்த மருந்து. இப்போது குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் எரிவுக்கும் அதிகம் கொடுக்கிறார்கள். அன்ரிக்குப் பிரஷர் இருக்கிறது. அன்ரிக்குக் கால் எரிவும் இருக்கிறது. இரண்டு கதையும் பொருந்துகிறது.

பல நேரங்களில் அளவு நம்மைக் காப்பாற்றிவிடும். காபிமசோலையும் காபமசெபினையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது தைரொயிட் கூடுதலாகச் சுரப்பவர்களுக்கு, மற்றது வலிப்புக்கு. கையெழுத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் காபிமசோல் குளிசை 5 மி.கி.யிலும் 20 மி.கி.யிலும் வரும். காபமசெபின் 100, 200, 400. பக்கத்தில் 200 என்று தெளிவாக இருந்தால் அங்கே காபிமசோலுக்கு இடமே இல்லை. அம்லோடிபின் விசயத்தில் அந்த உதவி கிடைக்கவில்லை. அம்லோடிபின் 5இலும் 10இலும் வரும். அமிற்ரிப்டிலின் 10இலும் 25இலும் வரும். 10 என்பது இரண்டுக்கும் பொது. டொக்டர் 5 என்றோ 25 என்றோ எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

சரி, எழுத்தின் உருவத்தையே பார்ப்போம். எழுத்தை எழுத்தாக வாசிக்க முடியாதபோது நான் மூன்று விசயம் பார்ப்பேன்: கோட்டுக்கு மேலே எழும்பும் எழுத்துகள் எத்தனை, கீழே இறங்கும் எழுத்துகள் எத்தனை, மேலே எத்தனை புள்ளி. ஆங்கிலத்தில் அம்லோடிபினுக்குப் பத்து எழுத்து. மேலே எழும்புபவை இரண்டு, இரண்டும் சொல்லின் முன்பாதியில் வந்துவிடும். கீழே இறங்குவது ஒன்று, முடிவுக்குக் கிட்ட. புள்ளி இரண்டு. அமிற்ரிப்டிலினுக்குப் பதின்மூன்று எழுத்து. மேலே எழும்புபவை மூன்று, அவற்றில் இரண்டுக்குக் குறுக்குக் கோடு உண்டு. கீழே இறங்குபவை இரண்டு. புள்ளி மூன்று. கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரு குறுக்குக் கோட்டை இழுக்கவோ ஒரு புள்ளியை வைக்கவோ பேனா கொஞ்சம் நிற்கும். அந்த நின்ற தடங்களைத்தான் தேடுவது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே ஒரு வால் தெளிவாக இறங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இறங்கியதா, அல்லது அடுத்த வரியின் தலை மேலே முட்டி நின்றதா என்று சொல்ல முடியவில்லை. மேலே நீளமாக ஒரு குறுக்குக் கோடு போனது. அது இரண்டு எழுத்தையும் ஒரே இழுப்பில் வெட்டிய கோடாக இருக்கலாம். கடதாசியை மடித்த தழும்பாகவும் இருக்கலாம், ஏனென்றால் அதே கோடு சொல்லைத் தாண்டியும் கொஞ்சம் தெரிந்தது. புள்ளிகளை எண்ணவே முடியவில்லை.

அடுத்தது மருத்துவக் கணக்கு. அம்லோடிபினை முதன்முதலாகத் தொடங்கும்போது பெரும்பாலும் 5 மி.கி.யில்தான் தொடங்குவார்கள். 10 அதன் உச்ச அளவு. வயதான ஒருவருக்கு முதல் நாளே 10 எழுதுவது வழக்கமில்லை. அன்ரி இதற்கு முன் அம்லோடிபின் எடுத்ததற்கு அடையாளம் எதுவும் பழைய காட்களில் இல்லை. அமிற்ரிப்டிலினை நரம்பு எரிவுக்குத் தொடங்கும்போது 10 மி.கி.யில் இரவில் தொடங்குவதுதான் வழக்கம், தூக்கம் வரும் என்பதால். இரண்டு கிழமை என்பதும் "எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கோ" என்று சொல்லும் கால அளவு. ஆனால் அதே இரண்டு கிழமை, புதிதாக ஒரு பிரஷர் மருந்தைக் கூட்டிவிட்டு மறுபடியும் அளந்து பார்க்க வரச் சொல்வதற்கும் பொருந்தும். அம்லோடிபினை இரவில் எடுக்கச் சொல்லும் டொக்டர்மாரும் இருக்கிறார்கள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் மனம் அமிற்ரிப்டிலின் பக்கம்தான் சாய்ந்தது. நன்றாகவே சாய்ந்தது. ஆனாலும் மகனுக்கு எழுதியதில் அந்தப் பெயரை நான் முடித்து எழுதவில்லை. எழுதியது இதுதான்:

"1. மெற்போமின் 500, காலை 1 இரவு 1, சாப்பிட்ட பிறகு, ஒரு மாதம். நிச்சயம்.
2. லோசாட்டன் 50, காலை 1, ஒரு மாதம். நிச்சயம், பழைய காட்டோடு ஒத்துப்போகிறது.
3. அம்... (பெயர் தெரியவில்லை) 10, இரவு 1, இரண்டு கிழமை. அளவு, நேரம், நாள் நிச்சயம். பெயர் இரண்டில் ஒன்று. டொக்டர் சொல்லும்வரை வாங்க வேண்டாம்.
4. அமொக்சிசிலின் 500, நாளைக்கு 3 தடவை, ஐந்து நாள். நிச்சயம். 15 கப்சியூல்.
5. மெற்றோனிடசோல் 400, நாளைக்கு 3 தடவை, ஐந்து நாள். பெயர் எழுத்தில் தெளிவில்லை, அளவையும் நாலாவது வரியையும் வைத்து வாசித்தது. 15 குளிசை. டொக்டரோடு கதைக்கும்போது இதையும் ஒருக்கால் கேளுங்கோ."

மூன்றாவது வரியில் ஏன் அந்த இரண்டு பெயரையும் எழுதவில்லை என்று மகன் கேட்டார். எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மகன் தாய்க்குச் சொல்வார், தாய் பாமசியில் சொல்வார். சந்தேகம் ஒவ்வொரு வாயாகக் கடக்கும்போது தேய்ந்து, மூன்றாவது வாயில் அது மருந்தின் பெயராகவே வந்து விழும். கவுன்டரில் நிற்பவர், துண்டு எழுதியவரைத் தெரிந்த ஆட்கள் சொல்கிறார்கள் என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். பாதிப் பெயரும் கேள்விக்குறியும் போனால் அதைக் கொண்டு யாரும் மருந்து எடுத்துக் கொடுக்க முடியாது.

ஐந்தாவது வரிக்கு "நிச்சயம்" என்று நான் போடாததையும் கவனித்திருப்பீர்கள். அந்தப் பெயரை நான் எழுத்தில் வாசிக்கவில்லை, சுற்றியிருந்தவற்றிலிருந்து எடுத்தேன். முடிவு பலமானதுதான். ஆனால் எப்படி வந்த முடிவு என்பது வாசிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

மாறிக் கொடுத்தால் என்ன ஆகும்? அமிற்ரிப்டிலின் எழுதியிருக்க அம்லோடிபின் போனால், ஏற்கெனவே லோசாட்டன் எடுக்கும் ஒருவருக்கு உச்ச அளவில் இன்னொரு பிரஷர் மருந்து சேர்கிறது. எழும்பும்போது தலை சுற்றும், கணுக்கால் வீங்கும், கால் எரிவு அப்படியே இருக்கும். மறுபக்கம் அம்லோடிபின் எழுதியிருக்க அமிற்ரிப்டிலின் போனால், பிரஷர் கட்டுப்படாது. இரவில் மயக்கமான தூக்கத்தில் பாத்ரூமுக்கு எழும்பி விழும் ஆபத்தும் சேரும். அந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் பிறகு நடப்பதே பெரும்பாடு.

காத்திருப்பதால் நட்டம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். கிருமி மருந்து இரண்டையும் உடனே தொடங்க வேண்டியிருந்தது. சுகர், பிரஷர் மருந்தை விடவும் கூடாது. மூன்றாவது புதிய மருந்து, இரவில் எடுப்பது. பின்னேரம்வரை காத்திருந்தாலும் ஒரு வேளையும் தவறாது. இதுவே ஏற்கெனவே எடுத்துவரும் வலிப்பு மருந்தாக இருந்திருந்தால், பின்னேரம்வரை பொறுப்போம் என்று சொல்லியிருக்க மாட்டேன். அன்ரியைத் துண்டோடு திரும்ப டொக்டரிடமே அனுப்பியிருப்பேன்.

துண்டின் தலைப்பில் டொக்டரின் பெயரும் பதிவு இலக்கமும் சனல் பண்ணும் இடத்தின் ஃபோன் நம்பரும் இருந்தன. காலையில் பார்த்துவிட்டுப் போய்விட்டார், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் வருவார் என்று அங்கே சொன்னார்கள். சரி என்று விட்டேன்.

இந்த இடைவெளியில் என் முறையின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். வலது பக்கம் நம்பகமானது என்று எழுதிக்கொண்டு வருகிறேன். அது எப்போதும் உண்மையில்லை.

மெதோற்றெக்சேற் என்றொரு மருந்து இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு, முக்கியமாக றூமற்றொயிட் என்று சொல்லும் வகைக்குக் கொடுப்பார்கள். கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். 2.5 மி.கி. குளிசை, கிழமைக்கு 7.5 மி.கி. என்றால் ஒரு நாளில் மூன்று குளிசை, அதோடு அந்தக் கிழமைக்கு முடிந்தது. டொக்டர் எந்த நாள் என்று குறிக்க ஆங்கிலத்தில் திங்களின் முதல் மூன்று எழுத்தைப் போடுவார். "காலையில்" என்பதைக் குறிக்கும் மானே என்ற சொல்லும் ஆங்கில எழுத்தில் அதே எழுத்தில் தொடங்கி ஏறக்குறைய அதே உருவத்தில் நெளியும். திங்கள் என்று எழுதியதைக் காலை என்று வாசித்தால், கிழமைக்கு ஒரு தடவை எடுக்க வேண்டியது தினமும் உள்ளே போகும். அது எலும்பு மச்சையைத் தாக்கி இரத்த அணுக்களைக் குறைத்துவிடும். முதலில் வாய் முழுக்கப் புண் வரும், பிறகு காய்ச்சல், காரணமில்லாத நீலத் தழும்புகள். உலகின் பல நாடுகளில் இந்த மருந்தைக் கிழமைக்குப் பதிலாகத் தினமும் எடுத்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இங்கே பெயர் தெளிவாக இருக்கும், அளவு தெளிவாக இருக்கும். தவறு நேரத்தில் ஒளிந்திருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க உதவுவது பக்கத்து வரிதான். மெதோற்றெக்சேற் எடுப்பவருக்குப் போலிக் அசிட்டும் எழுதுவார்கள், அதை வேறு நாளில் எடுக்கச் சொல்லி. போலிக் அசிட் வரியில் ஒரு கிழமை நாளின் பெயர் இருந்தால், மேல் வரியிலும் நாள்தான் இருக்க வேண்டும் என்று உடனே பிடிபடும். மருந்து உறையில் "காலை" என்று கட்டம் அச்சடித்திருந்தாலும் அதில் அடையாளம் போடாமல் "திங்கட்கிழமை மட்டும்" என்று தமிழில் முழுதாக எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பலவீனம் தசமப் புள்ளி. .5 என்று முன்னால் பூச்சியம் போடாமல் எழுதினால் புள்ளி தொலைந்து 5 ஆகிவிடும். 1.0 என்று பின்னால் வீணாகப் பூச்சியம் போட்டால் 10 ஆகிவிடும். இரண்டிலும் பத்து மடங்கு வித்தியாசம். கடதாசியில் அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரிந்தாலும் வட்ஸ்அப்பில் வரும் படத்தில் சுருங்கி மறைந்துபோகும். தைரொயிட் மருந்தான தைரொக்சின் மைக்ரோகிராமில் அளப்பது. கையெழுத்தில் மைக்ரோவும் மில்லியும் ஒன்றாகிவிடும். அந்த மருந்தில் 50 என்று பார்த்தால் அது மைக்ரோகிராம்தான். 50 மில்லிகிராம் தைரொக்சின் குளிசை உலகத்திலேயே இல்லை. வாசித்து வந்த அளவில் ஒரு குளிசை கடையில் உண்டா என்று கேட்பது ஒரு நல்ல சோதனை. ஒரு வேளைக்கு எட்டோ பத்தோ குளிசை விழுங்க வேண்டும் என்று கணக்கு வந்தால், புள்ளியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதனால் படம் அனுப்புபவர்களிடம் நான் கேட்பது: துண்டை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில், நாலு மூலையும் தெரிய எடுங்கோ. ஆட்கள் மருந்தின் பெயர் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கிட்டப் போய் எடுப்பார்கள். அப்போது வலது ஓரம் வெட்டுப்பட்டுவிடும். எனக்கு மிகவும் தேவைப்படும் இடமே இல்லாமல் வந்து சேரும். தலைப்பில் இருக்கும் வயதும் திகதியும் ஃபோன் நம்பரும் கூடவே போய்விடும்.

பொதுப் பெயரில் எழுதும் பழக்கம் இங்கே ஓரளவு இருப்பது வாசிப்பவருக்குப் பெரிய உதவி. பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியபோது வலியுறுத்திய விசயங்களில் ஒன்று அது. அவர் நினைத்தது மருந்தின் விலையை. எனக்குக் கிடைப்பது இன்னொரு நன்மை: பொதுப் பெயர்களின் வாலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. "சாட்டன்" என்று முடிந்தால் பிரஷர், "ஸ்ராட்டின்" என்றால் கொலஸ்ட்ரோல், "பிரசோல்" என்றால் வயிற்று அமிலம். வால் தெரிந்தால் தலையை ஊகிக்கலாம். கம்பனிப் பெயர்களில் இந்த ஒழுங்கு எதுவும் கிடையாது. அங்கே ஓர் எழுத்துத் தவறினாலும் அடுத்த எழுத்து உதவிக்கு வராது.

பின்னேரம் ஐந்தரைக்கு டொக்டர் தொடர்பில் கிடைத்தார். நான் "அது அமிற்ரிப்டிலினா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், இருபது பேர் வெளியே காத்திருக்கும்போது எந்த மனுசரும் "ஓம் ஓம்" என்றுதான் சொல்வார். நோயாளியின் வயதையும் காலையில் வந்ததையும் சொல்லி, "மூன்றாவது வரியில் இரவுக்கு ஒரு மருந்து எழுதியிருக்கிறீங்கள், அது என்ன, எதற்கு?" என்று கேட்டேன். "காலில எரிவு எண்டு சொன்னவா, அதுக்கு அமிற்ரிப்டிலின் பத்து" என்றார். பெயரும் காரணமும் அவர் வாயிலிருந்தே வந்தன. ஐந்தாவது வரியையும் அதே மாதிரிக் கேட்டேன், மெற்றோனிடசோல்தான்.

அப்புறம் நானே இன்னொன்று கேட்டேன்: கண்ணில் பிரஷர், அதாவது குளோக்கோமா, அல்லது சிறுநீர் போவதில் தடை இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்று. அமிற்ரிப்டிலின் இரண்டையும் மோசமாக்கக்கூடியது. அவர் அன்ரியிடம் கேட்டிருக்கிறார், இரண்டும் இல்லையாம்.

அன்ரிக்குச் சொன்னது: படுக்கப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுங்கோ, இரவில் எழும்பினால் கட்டிலில் ஒரு நிமிசம் இருந்துவிட்டு நில்லுங்கோ, வாய் காயும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், எரிவு குறைய நாளெடுக்கும், அதனால் முதல் இரண்டு இரவோடு விட்டுவிடாதேயுங்கோ. பாமசியில் இருந்த பிள்ளையிடம் துண்டைக் கொடுத்து, மூன்றாவது, ஐந்தாவது வரிகளுக்கு மேலே மருந்தின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் "டொக்டரிடம் ஃபோனில் கேட்டது" என்றும் திகதியும் நேரமும் போடச் சொன்னேன். டொக்டரின் எழுத்தை அழிக்கவோ அதன் மேலேயே திருத்தி எழுதவோ வேண்டாம் என்றும் சொன்னேன். இரண்டு கிழமைக்குப் பிறகு அன்ரி அதே துண்டோடு வேறு பாமசிக்குப் போனாலும், அங்கே நிற்பவருக்கு எது டொக்டர் எழுதியது, எது பிறகு கேட்டுச் சேர்த்தது என்று தெரியும்.